ஹெல்மெட் விவரத்தில் இருக்கும் நான்கு வரிகள்: கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் பைக் உதிரிபாகமும் ஹெல்மெட்டும் விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு ஹெல்மெட்டுக்கும் படத்துக்குக் கீழே நான்கு வரி விவரம் எழுதுவதும் என் வேலைதான். எழுதி முடித்த கையோடு போன் வரும். போனில் வரும் கேள்விகள்தான் கவுண்டரிலும் வரும். அதனால் ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிட்டேன். எடுத்துக்காட்டுக்கு, அதிகம் விற்கும் ஒரு முழுமுக ஹெல்மெட்டின் விவரம் இது:

சான்று: ஐ.எஸ்.ஐ., IS 4151
அளவு: எம் 580 மி.மீ., எல் 600 மி.மீ., எக்ஸ்எல் 620 மி.மீ.
ஓடு: ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்
மாற்ற வேண்டிய காலம்: பயன்படுத்தத் தொடங்கி 3 ஆண்டு, அடிபட்டால் உடனே

ஐ.எஸ்.ஐ.ன்னு போட்டிருக்கீங்க, சரி. அந்த நம்பர் எதுக்கு?

ஐ.எஸ்.ஐ. முத்திரை பிரஷர் குக்கரிலும் இருக்கும், சிமெண்ட் மூட்டையிலும் இருக்கும். எந்தப் பொருளுக்கான சோதனையில் தேறியது என்பதைச் சொல்வது அந்த எண்தான். இரு சக்கர வண்டி ஓட்டுபவருக்கான ஹெல்மெட்டின் இந்தியத் தரம் IS 4151. தலை வடிவ உலோக அச்சில் ஹெல்மெட்டை மாட்டி உயரத்திலிருந்து போடுவார்கள். சமதளத்தில் ஒருமுறை, நடைபாதை ஓரக் கல்லின் விளிம்பு போன்ற வடிவத்தில் ஒருமுறை. அச்சுக்குள் இருக்கும் கருவி, தலைக்கு எவ்வளவு அதிர்ச்சி போனது என்று அளக்கும். சூட்டில் வைத்த ஹெல்மெட், குளிரில் வைத்தது, தண்ணீரில் நனைத்தது என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். தாடைப் பட்டை இழுபடாமல் தாங்குகிறதா, பக்கவாட்டில் போதுமான அளவு பார்வை தெரிகிறதா என்பதும் சோதனையில் உண்டு.

எண் ஏன் முக்கியம் என்றால், கட்டட வேலைக்கான மஞ்சள் தொப்பிக்கும் ஐ.எஸ்.ஐ. உண்டு; அதன் எண் IS 2925. மேலிருந்து செங்கல் விழுந்தால் தாங்குவதற்காகச் செய்தது அது. தார் ரோட்டில் தலை பக்கவாட்டில் மோதுவது வேறு கதை. அதைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து, "இதுவும் ஐ.எஸ்.ஐ.தானே" என்று கேட்டவர்கள் உண்டு. இன்னொரு குழப்பம் கண்ணாடியில் வரும். ஹெல்மெட் கண்ணாடிக்குத் தனித் தரம் இருக்கிறது, IS 9973. அந்த எண் மட்டும் தெரிந்தால், முத்திரை கண்ணாடிக்குத்தான், ஓட்டுக்கு அல்ல.

ஸ்டிக்கர் யாரு வேணும்னாலும் அடிச்சு ஒட்டலாமே? உண்மையான ஐ.எஸ்.ஐ.ன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒட்டலாம், ஒட்டவும் செய்கிறார்கள். ஆனால் உண்மையான முத்திரையில் மூன்று சங்கதி சேர்ந்து இருக்கும்: மேலே IS 4151, நடுவில் ஐ.எஸ்.ஐ. சின்னம், கீழே CM/L என்று தொடங்கி ஒரு எண். கடைசியில் சொன்னது தயாரிப்பாளருக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு கொடுத்த உரிமத்தின் எண். போலி ஸ்டிக்கர்களில் பெரும்பாலும் இந்த எண்ணே இருக்காது. இருந்தாலும் பாதி அழிந்த மாதிரி, படிக்க முடியாதபடி இருக்கும்.

எண் இருந்தால் BIS Care என்ற செயலியை போனில் இறக்கி, உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதியில் அதை அடித்துப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, எந்தப் பொருளுக்கு உரிமம், அது இப்போது நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். "எண் இருக்கிறது, ஏதோ வந்தது" என்று அதோடு விட்டுவிடாதீர்கள். திரையில் வரும் நிறுவனமும் ஹெல்மெட்டின் உட்புற லேபிளில் இருக்கும் நிறுவனமும் ஒன்றா என்று பாருங்கள். ஒருவர் வெளியில் வாங்கிய ஹெல்மெட்டைக் காட்டக் கொண்டுவந்தார். எண்ணை அடித்தோம், உரிமம் வந்தது, ஆனால் வந்த பெயருக்கும் பெட்டியில் இருந்த பெயருக்கும் சம்பந்தமே இல்லை. யாருடைய எண்ணையோ எடுத்து அச்சடித்திருந்தார்கள். ஆன்லைனில் வாங்குபவர்கள் பின்புற ஸ்டிக்கரின் கிட்டப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தரத் தயங்கும் கடையில் நானாக இருந்தால் வாங்க மாட்டேன்.

ரோட்டோரத்துல 250 ரூபாய்க்குக் கிடைக்குது, அதுவும் ஐ.எஸ்.ஐ.ன்னு சொல்றான். உங்ககிட்ட மட்டும் ஏன் ஆயிரம்?

மேலே சொன்ன எண் சோதனையை அங்கேயே நின்று செய்துவிடுங்கள், பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். மீதிக்கு, ஹெல்மெட்டைத் தலைகீழாகத் திருப்பி உள் துணியை விரலால் லேசாக விலக்கிப் பாருங்கள். ஓட்டுக்கும் துணிக்கும் நடுவே, தடித்த தெர்மாகோல் அடுக்கு தலையைச் சுற்றிலும் வர வேண்டும். மலிவு ஹெல்மெட்டில் அங்கே மெல்லிய ஸ்பாஞ்சு மட்டும் இருக்கும், அல்லது உச்சியில் மட்டும் ஒரு துண்டு தெர்மாகோல் இருக்கும். காதுக்கு மேலேயே நின்றுவிடும் சட்டி போன்ற ஹெல்மெட்டுகளில் பலவும் இந்த வகைதான்.

2021 ஜூன் 1 முதல், ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இரு சக்கர வண்டி ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டப்படி கூடாது. அதனால்தான் இப்போது முத்திரையே இல்லாமல் விற்பவர்களைவிட, பொய் முத்திரையோடு விற்பவர்கள் அதிகமாகக் கண்ணில் படுகிறார்கள்.

580 மி.மீ.ன்னா என் தலைக்குச் சேருமா? எப்பவும் எம் தான் வாங்குவேன்.

எம், எல் என்ற எழுத்தை விடுங்கள். ஒரு நிறுவனத்தின் எம் இன்னொன்றில் எல் ஆக இருக்கும். மில்லிமீட்டர்தான் கணக்கு. 580 மி.மீ. என்றால் தலைச் சுற்றளவு 58 செ.மீ.

அளப்பது எளிது. தையல்காரர் டேப்பைப் புருவத்துக்கு மேலே சுமார் இரண்டரை செ.மீ. உயரத்தில் வைத்து, காதுகளுக்கு மேலாக, பின்மண்டையில் அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். மூன்று முறை அளந்து அதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். டேப் இல்லை என்றால் ஒரு நூலைச் சுற்றி, அதை ஸ்கேலில் வைத்து அளக்கலாம். கொண்டை போடும் பெண்கள் கொண்டையோடு அளக்காதீர்கள். கொண்டை ஹெல்மெட்டின் பின்பகுதியைத் தூக்கிவிடும், முன்பக்கம் கண்ணை மறைக்கும். கழுத்தோடு ஒட்டிய தாழ்வான பின்னல் என்றால் பிரச்சினை இல்லை. வண்டி ஓட்டும்போது முடி எப்படி இருக்குமோ அப்படி வைத்துக்கொண்டு அளப்பதே சரி.

அளந்தேன், 59 வருது. உங்ககிட்ட 58, 60 தான் இருக்கு. பெருசா எடுத்துடட்டுமா, கொஞ்சம் காத்தோட்டமா இருக்கும்ல?

காற்றோட்டத்துக்காகப் பெரியதை எடுப்பவர்கள்தான் அதிகம். நான் சொல்வது தலைகீழ்: முதலில் சின்னதைப் போட்டுப் பாருங்கள். கன்னத்துக்கும் தலைக்கும் அணைத்துக்கொடுக்கும் ஸ்பாஞ்சு சில வாரங்களில் கொஞ்சம் அமுங்கிவிடும். இன்று கச்சிதமாக இருப்பது அப்போது இலகுவாகும். இன்றே இலகுவாக இருந்தால் அப்போது ஆட ஆரம்பிக்கும்.

போன வாரம் இதே 59 செ.மீ. தலையோடு ஒரு கல்லூரி மாணவர் வந்தார். எம் போட்டதும், "கன்னத்தைக் கடிக்குது அண்ணே" என்றார். கன்னம் அமுங்கலாம், அது நல்லதுதான். நெற்றியில் வலி வருகிறதா என்பதுதான் கேள்வி. பத்து நிமிடம் கழற்றாமல் கடையிலேயே உட்காரச் சொன்னேன். கழற்றியபோது நெற்றியில் ஒரே இடத்தில் சிவந்த கோடு, அங்கே வலியும் இருந்தது. அப்படியானால் எம் அவருக்கு ஆகாது. எல் போட்டோம். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து இடம் வலமாகத் திருப்பினேன். நெற்றித் தோலும் கன்னமும் கூடவே நகர்ந்தன, ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுழலவில்லை. பட்டையை மாட்டி, பின்புறக் கீழ் விளிம்பில் கை வைத்து முன்னோக்கித் தள்ளினேன். கழன்று வரவில்லை. அவருக்கு எல் சரி. இதே அளவுள்ள இன்னொருவருக்கு எம் சரியாக இருக்கலாம், ஏனென்றால் சிலர் தலை உருண்டை, சிலருக்கு முன்னும் பின்னும் நீண்ட தலை. டேப் சுற்றளவைத்தான் சொல்லும், வடிவத்தைச் சொல்லாது.

பின்னாலிருந்து தள்ளிப் பார்க்கும் அந்தச் சோதனையை மட்டும் எல்லோரும் செய்யுங்கள். பட்டை மாட்டிய நிலையிலேயே ஹெல்மெட் முகத்துக்கு முன்னால் கழன்று வந்தால், விபத்திலும் வந்துவிடும். அப்புறம் எந்தச் சான்று இருந்தும் பயனில்லை. சோதனைக்கூடத்தில் அது தலையில் சரியாக உட்கார்ந்த நிலையில்தான் தேறியது.

ஏ.பி.எஸ்.ஸா, ஃபைபரா, கார்பனா? எது தலையைக் காப்பாத்தும்?

மூன்றும் ஓடுதான். ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் இரண்டும் உருக்கி அச்சில் ஊற்றும் பிளாஸ்டிக். விலை குறைவு, வேகமாகச் செய்யலாம். ஃபைபர் கிளாஸ், கார்பன் ஃபைபர் ஓடுகளை இழை இழையாக அடுக்கிப் பிசின் விட்டு இறுக்குவார்கள். அதே வலுவுக்கு எடை குறையும், விலை ஏறும். இவை எல்லாமே IS 4151 முத்திரை வாங்க அதே சோதனையில் தேற வேண்டும். ஓட்டின் வேலை, கல்லோ கம்பியோ உள்ளே நுழையாமல் தடுப்பதும், ஒரே புள்ளியில் விழும் அடியைப் பரப்பிவிடுவதும். தலைக்குள் போகும் அதிர்ச்சியைக் குறைப்பது பெரும்பாலும் அதற்கு உள்ளே இருக்கும் தெர்மாகோல். விவரத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லாதது எனக்கே குறைதான், ஆனால் யாரும் கேட்பதில்லை.

கணக்காகவே பார்க்கலாம். ஓடாமல் நிற்கும் வண்டியிலிருந்து சாய்ந்து, தலை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுகிறது என்று வையுங்கள். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 20 கி.மீ. ஹெல்மெட் இல்லாத தலை, தோலும் தசையும் அமுங்கும் 2 மி.மீ. தூரத்துக்குள் நின்றாக வேண்டும் என்றால், சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 750 மடங்கு வேகக்குறைப்பு தலைக்கு வருகிறது. அதே தலை 25 மி.மீ. தெர்மாகோலை நசுக்கிக்கொண்டு நின்றால் அது சுமார் 60 மடங்கு. உண்மையில் உச்ச அளவு இந்தச் சராசரியைவிடக் கூடும். ஆனாலும் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும். நிற்பதற்குக் கூடுதல் தூரம் கிடைக்கிறது, அவ்வளவுதான் ரகசியம். தெர்மாகோல் நசுங்குவதுதான் அதன் வேலை.

ஆகவே ஹெல்மெட்டைத் தட்டி, "நல்லா கெட்டியா இருக்கு" என்று எடுப்பது சரியான சோதனை அல்ல. கூடுதல் விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் குறைந்த எடை, நல்ல காற்றோட்டம், கீறல் விழாத கண்ணாடி, கழுத்து வலிக்காமல் நீண்ட தூரம் ஓட்டும் சௌகரியம். தினம் பத்து கிலோமீட்டர் ஆபீஸ் போய் வருபவருக்கு, அளவு சரியாக உட்கார்ந்த ஏ.பி.எஸ். ஹெல்மெட்டே, தொளதொளக்கும் கார்பன் ஹெல்மெட்டைவிட நல்லது என்பது என் கருத்து.

ஏ.பி.எஸ். ஓட்டுல பெயிண்ட் அடிக்கலாமா? அழுக்கா இருந்தா பெட்ரோல் போட்டுத் துடைப்பேன், பளபளன்னு ஆகிடும்.

பெட்ரோல் வேண்டவே வேண்டாம். ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் இரண்டையும் பெட்ரோல், தின்னர், சில பெயிண்ட், சில ஸ்டிக்கர் பசை ஆகியவை பலவீனமாக்கும். மேலே பளபளப்பு தெரியும், உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல் ஓடும். அடி விழும்போது வளைய வேண்டிய ஓடு உடையும். இன்னும் மோசம், பெட்ரோல் உள்ளே வழிந்தால் தெர்மாகோல் கரைந்தே போகும். நம்பாவிட்டால் பொருள் பேக்கிங்கில் வரும் தெர்மாகோல் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

மிதமான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். கண்ணாடியையும் அப்படியே. ஃபைபர் ஓட்டுக்கு பெயிண்ட் அவ்வளவு ஆபத்தில்லை என்பார்கள். ஆனாலும் தயாரிப்பாளர் கையேட்டில் அனுமதி இல்லாமல் நான் அதற்கும் ஆம் சொல்ல மாட்டேன். பெயர் எழுதி வைக்க வேண்டும் என்றால் உள்ளே பட்டையின் துணியில் எழுதுங்கள்.

3 வருஷம்னா எப்ப இருந்து எண்ணணும்? வாங்குன தேதியா, செஞ்ச தேதியா?

எங்கள் விவரத்தில் இருப்பது போல, பயன்படுத்தத் தொடங்கிய நாளிலிருந்து. உள் லேபிளில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும், அதையும் பாருங்கள். ஒரு ஹெல்மெட் 2022 மே மாதம் தயாரித்தது, பெட்டி பிரிக்காமல் கடையில் இருந்தது, நீங்கள் 2023 நவம்பரில் வாங்கிப் போட ஆரம்பித்தீர்கள் என்றால் 2026 நவம்பர் வரை. சில நிறுவனங்கள் தயாரித்த தேதியிலிருந்தும் ஒரு உச்ச வரம்பு போடுவார்கள். கையேட்டில் இரண்டும் இருந்தால் எது முதலில் வருகிறதோ அது. வாங்கிய ரசீதை ஹெல்மெட் பெட்டிக்குள்ளேயே போட்டு வைக்கும் பழக்கம் நல்லது.

இந்த 3 வருடம் என்பது சட்டம் அல்ல. ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் அமெரிக்காவின் ஸ்னெல் அறக்கட்டளை ஐந்து ஆண்டு என்று பரிந்துரைக்கிறது. அவர்கள் சொல்லும் காரணங்கள்: தலை எண்ணெய், வியர்வை, அழகுசாதனப் பொருள், தினசரித் தேய்மானம் எல்லாம் சேர்ந்து பசையையும் பிசினையும் உள் பஞ்சையும் கெடுக்கும். நம் ஊர் வெயிலில், தினமும் தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையோடு இரண்டு வேளை போடுபவருக்கு மூன்று ஆண்டு எனக்கு நியாயமாகத் தெரிகிறது. மாதம் நாலு முறை எடுப்பவர், ஐந்து வரை போகலாம். ஸ்பாஞ்சு உதிர்ந்து தலையில் கறுப்புத் துகள் ஒட்டினால், அல்லது வாங்கும்போது கச்சிதமாக இருந்தது இப்போது சுழன்றால், தேதியைப் பார்க்காமலே மாற்றுங்கள்.

ஒரு வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்: ஹெல்மெட்டை வண்டியின் பக்கக் கண்ணாடித் தண்டில் கவிழ்த்து மாட்டுவது. தண்டின் முனை உள் தெர்மாகோலில் குழி போடும். அந்தக் குழி திரும்ப எழாது.

உள் துணியும் ஸ்பாஞ்சும் புதுசா மாத்திட்டா, இன்னும் மூணு வருஷம் ஓட்டலாம்ல?

ஓட்ட முடியாது. கழற்றித் துவைக்கும் துணியும் கன்னப் பஞ்சும் சௌகரியத்துக்கும் அளவுக்கும் உள்ளவை. அடியை வாங்குவது அதற்குப் பின்னால் ஓட்டோடு சேர்ந்திருக்கும் தெர்மாகோல், அதை யாரும் தனியாக விற்பதில்லை. துணி மாற்றினால் வாசனை போகும், ஹெல்மெட்டின் வயது குறையாது. பஞ்சு மட்டும் தளர்ந்து, ஹெல்மெட் இன்னும் புதுசு என்றால் தயாரிப்பாளரின் அதே மாடல் கன்னப் பஞ்சை மாற்றுவது நியாயமான செலவு. வேறு மாடலின் பஞ்சைத் திணிக்காதீர்கள்.

போன வாரம் கீழ விழுந்துட்டேன். ஹெல்மெட்ல சின்னக் கீறல்தான். மாத்தணுமா?

அது தலையில் இருந்தபோது தரையில் மோதியதா? ஆம் என்றால் மாற்றுங்கள். ஓடு பழையபடியே இருக்கலாம், குறிப்பாக ஏ.பி.எஸ். வளைந்து திரும்பிவிடும். உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும், அது நசுங்கினால் நசுங்கியதுதான். முன்பு சொன்ன 25 மி.மீ.யில் பாதி ஏற்கெனவே செலவாகியிருந்தால், அடுத்த அடிக்கு மீதி பாதிதான் இருக்கும்.

தலை இல்லாமல், வண்டி சீட்டிலிருந்து வெறும் ஹெல்மெட் உருண்டு விழுந்தது என்றால் அது வேறு. உள்ளே இருந்து நசுக்க எடை இல்லை. ஆனாலும் பாருங்கள்: உள் துணியைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் தெர்மாகோலில் விரிசலோ பள்ளமோ, ஓட்டிலிருந்து விலகிய இடைவெளியோ தெரிகிறதா என்று பாருங்கள். கட்டை விரலால் சுற்றிலும் லேசாக அழுத்தினால், நசுங்கிய இடம் மற்ற இடத்தைவிட வித்தியாசமாகத் தெரியும். ஓட்டில் முடி அளவு விரிசல், பட்டை ஆணி ஆடுவது, பட்டைத் துணி பிரிவது இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ஒன்றும் இல்லை என்றால் ஓட்டலாம். மூன்றாம் மாடியிலிருந்து விழுந்ததை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

என் கசின் அமெரிக்காவுல இருந்து டாட் ஹெல்மெட் கொண்டுவந்திருக்கார். செம விலை. இங்க போட்டுட்டு ஓட்டலாமா?

தலைக்கும் சட்டத்துக்கும் தனித்தனிப் பதில். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, மத்திய அரசு விதித்த தரத்துக்கு ஏற்ற ஹெல்மெட் வேண்டும் என்கிறது; அந்தத் தரம் இந்தியத் தர நிர்ணய அமைப்பினுடையது. அமெரிக்காவின் டாட், ஐரோப்பாவின் இ.சி.இ. முத்திரை மட்டும் இருந்தால் சட்டப்படி அது போதாது. ஹெல்மெட் விதியை மீறினால் 194டி பிரிவின் கீழ் 1,000 ரூபாய் அபராதமும், ஓட்டுநர் உரிமத்துக்கு மூன்று மாதத் தடையும் வரலாம். காவலர் நடுரோட்டில் இ.சி.இ. விதிமுறையைப் பற்றி உங்களோடு விவாதிக்க மாட்டார். வெளிநாட்டு நிறுவனங்கள் சிலவும் இந்தியாவுக்காக ஐ.எஸ்.ஐ.யோடு சேர்த்து இரட்டைச் சான்று வாங்குகின்றன. அப்படி இருந்தால் கவலையில்லை.

சான்றுகளின் தன்மையும் வேறு வேறு. டாட் முத்திரையைத் தயாரிப்பாளரே தன் பொறுப்பில் ஒட்டுகிறார். அரசு பிற்பாடு சந்தையிலிருந்து எடுத்துச் சோதிக்கும். இ.சி.இ. முத்திரை, விற்பனைக்கு வருவதற்கு முன்பே ஐரோப்பாவில் அங்கீகாரம் வாங்க வேண்டியது. தாடைப் பட்டையில் தைத்த லேபிளில் வட்டத்துக்குள் இ எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். அங்கீகாரம் கொடுத்த நாடு எது என்பது அந்த எண்: 1 ஜெர்மனி, 2 பிரான்சு, 3 இத்தாலி. கீழே நீண்ட எண் 06 என்று தொடங்கினால் புதிய 22.06 விதி, 05 என்றால் முந்தையது. நம் ஊரில் சில மலிவு ஹெல்மெட்டுகளில் பின்னால் டாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். அதை அலங்கார ஸ்டிக்கராகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்க பாப்பாவுக்கு மூணு வயசு. எக்ஸ்எஸ் போட்டா சரியா இருக்குமா?

பெரியவர்களுக்கான விவரத்தில் இருக்கும் சின்ன அளவு குழந்தைக்கானது அல்ல. சுற்றளவு பொருந்தினாலும் அந்த எடையைப் பிஞ்சுக் கழுத்து தாங்காது. 2023 பிப்ரவரி 15 முதல், ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஏற்றிச் சென்றால் குழந்தைக்கான ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கி.மீ. தாண்டக் கூடாது. குழந்தையை நேரில் கூட்டிக்கொண்டு வாருங்கள், போனில் அளவு சொல்லி வாங்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட்ல நல்ல பிராண்ட் ஹெல்மெட் ஒண்ணு வருது, ஒரு வருஷம்தான் ஆச்சுன்னு சொல்றாங்க. வாங்கலாமா?

மேலே எழுதிய எல்லாப் பதிலையும் அதில் பொருத்திப் பாருங்கள். முத்திரையும் உரிம எண்ணும் சரிபார்க்கலாம், தயாரித்த தேதியும் தெரியும், அளவும் போட்டுப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் பார்க்க முடியாது: அது ஏற்கெனவே ஒரு அடி வாங்கியதா என்பது. விற்பவர் நல்லவராகவே இருக்கலாம், அவருக்கே ஞாபகம் இல்லாமல் இருக்கலாம். அண்ணன் தம்பி, கூட வேலை பார்ப்பவர் என்று வரலாறு தெரிந்த ஹெல்மெட் என்றால் யோசிக்கலாம். யாரோ ஒருவருடையது என்றால் அதே பணத்துக்குப் புது ஏ.பி.எஸ். ஹெல்மெட்டை எடுங்கள்.

ஆர்டர் பண்ணுன ஹெல்மெட் வந்துடுச்சு. டேக்கைக் கிழிக்கிறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

முதலில் லேபிளில் உள்ள மில்லிமீட்டர் விவரத்தில் சொன்னதேதானா என்று பாருங்கள். பெட்டியில் எம் என்றும் உள்ளே வேறு அளவு என்றும் வந்து நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அடுத்து உரிம எண்ணைச் செயலியில் அடியுங்கள், தயாரித்த மாதத்தைப் பாருங்கள். அப்புறம், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தைப் பிரிக்காமல், வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் போட்டு உட்காருங்கள். டிவி பார்க்கலாம், வீட்டில் சிரித்தால் சிரிக்கட்டும். நெற்றியில் வலி வந்தாலோ, பின்னாலிருந்து தள்ளியபோது கழன்றாலோ, அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள். படலத்தைப் பிரித்து ரோட்டில் ஒருமுறை ஓட்டிவிட்டால் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுப்பதில்லை. நாங்களும் எடுப்பதில்லை.